150 மிமீ ஸ்லாப்புக்கு எவ்வளவு கம்பி? தடிமனிலிருந்து இடைவெளி, எடை வரை

டெரஸ் வீட்டின் பின்பக்கம் சமையலறையை நீட்டி, மேலே ஒரு ஸ்லாப் போடுகிறீர்கள். பொறியாளரின் வரைபடம் ஒன்று சொல்கிறது, குத்தகையாளரின் விலைப்பட்டியலில் வேறொரு எடை இருக்கிறது. "இவ்வளவு கம்பி எதற்கு, குறைச்சலாகப் போட்டாலே தாங்கும்" என்று மூன்றாவதாக ஒருவர் வந்து சொல்வார். இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கு வேண்டியது ஒரு கால்குலேட்டரும் அரை மணி நேரமும்தான். வரைபடத்தில் கையெழுத்திட்டு மாநகர் மன்றத்துக்கு அனுப்ப வேண்டியவர் பதிவு பெற்ற பொறியாளர். உங்கள் வேலை அவர் எழுதிய எண்ணைப் புரிந்துகொள்வதும், அந்தக் கம்பிதான் தளத்துக்கு வந்து இறங்கியதா என்று பார்ப்பதும்.

கடைசி வரை ஒரே உதாரணத்தோடு போவோம். செந்தூல் பக்கத்து வீடு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லாப்பின் வெளி அளவு 6.0 மீட்டருக்கு 3.0 மீட்டர், நான்கு பக்கமும் 200 மிமீ அகல பீம், ஸ்லாப் தடிமன் 150 மிமீ.

1. முதலில் வரைபடத்தில் நான்கு எண்களைத் தேடுங்கள்

தடிமன், கவர், கான்கிரீட் தரம், கம்பியின் தரம் ஆகிய நான்கும் வேண்டும். கவர் என்பது கம்பிக்கு வெளியே அதை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம். தடிமன் வெட்டுத்தோற்றத்தில் இருக்கும். மற்ற மூன்றும் பெரும்பாலும் முதல் தாளில் 'பொதுக் குறிப்புகள்' என்ற பகுதியில் பொடி எழுத்தில் இருக்கும், பலர் அந்தத் தாளைத் திறப்பதே இல்லை. நம் உதாரணத்தில் கவர் 25 மிமீ, கான்கிரீட் சி25/30, கம்பி 500 தரம்.

இதிலிருந்து இன்னொரு எண் கிடைக்கும். ஸ்லாப்பின் மேல் முகத்திலிருந்து அடிக்கம்பியின் நடு வரை உள்ள ஆழம்தான் அது, வரைபடங்களில் d என்று வரும். 10 மிமீ கம்பி என்றால் 150-இல் கவர் 25-ஐயும் கம்பியில் பாதி 5-ஐயும் கழிக்க வேண்டும். மிச்சம் 120 மிமீ.

முழுத் தடிமன் h வேறு, d வேறு. கணக்கு தவறுவதில் பாதி இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதால் வருவது.

2. சதவீதத்தைச் சதுர மில்லிமீட்டராக மாற்றுங்கள்

மலேசியாவில் இன்று இரண்டு கணக்குகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. பழைய வரைபடங்களும் பழைய பழக்கமும் பிஎஸ் 8110 விதிப்படி வந்தவை. புதியவை யூரோகோட்டின் மலேசியப் பதிப்பான எம்எஸ் இஎன் 1992-இன்படி வரும். குறைந்தபட்சக் கம்பிப் பரப்பாகப் பழைய விதி முழுத் தடிமனில் 0.13 சதவீதம் கேட்கும், வாய்ப்பாட்டில் அது As,min. புதியது ஆழம் d-யை வைத்துக் கான்கிரீட்டின் இழுவிசை வலிமையையும் சேர்த்துப் பார்க்கும்.

```
பழைய கணக்கு : As,min = 0.0013 × 1000 × h
புதிய கணக்கு : As,min = 0.26 × (fctm / fyk) × 1000 × d
              (0.0013 × 1000 × d-க்குக் குறையக் கூடாது)
```

இங்கே 1000 என்பது ஸ்லாப்பில் ஒரு மீட்டர் அகலம். fctm என்பது கான்கிரீட்டின் இழுவிசை வலிமை, சி25/30-க்கு 2.6. fyk என்பது கம்பியின் தர எண், இங்கே 500. எண்களைப் போட்டால்:

```
பழையது : 0.0013 × 1000 × 150           = 195 மிமீ² / மீ
புதியது : 0.26 × (2.6 / 500) × 1000 × 120 = 162 மிமீ² / மீ
```

ஒரே ஸ்லாப்புக்கு இரண்டு விடை வருகிறதே என்று குழம்ப வேண்டாம். எது செல்லும் என்பது உங்கள் வரைபடம் எந்த விதியின்படி போடப்பட்டது என்பதைப் பொறுத்தது, பொதுக் குறிப்பில் அதுவும் எழுதியிருக்கும். ஆனால் 195-ஐ வைத்துக்கொள்வதே நல்லது. காரணத்தைப் பார்த்தால் தெரியும்.

குறைந்தபட்சக் கம்பி பாரத்தைத் தாங்குவதற்காக வைப்பதன்று. கான்கிரீட் வெடிக்காத வரை இழுவிசையைக் கான்கிரீட்டே சுமக்கிறது, கம்பிக்கு அங்கே வேலை குறைவு. வெடிப்பு விழும் நொடியில் அந்த இழுவிசை முழுவதும் கம்பியின் தலையில் விழுகிறது. அதை வாங்கிக்கொள்ளக் கம்பி போதவில்லை என்றால் அது உடனே நீண்டு இழுபட்டுவிடும், எச்சரிக்கை எதுவும் இல்லாமல் ஸ்லாப் முறியும். நம் ஸ்லாப் முதல் வெடிப்பு விடும் வளைவுத் திருப்புமையைக் கணக்கிட்டால் மீட்டருக்கு 9.75 கிலோநியூட்டன் மீட்டர். 195 சதுர மிமீ கம்பி ஏறக்குறைய 11.1 தாங்கும். 162 தாங்குவது 9.2 மட்டுமே. விதி அனுமதிக்கிறது, ஆனால் மெல்லிய ஸ்லாப்பில் h-க்கும் d-க்கும் உள்ள இடைவெளி அதிகம் என்பதால் புதிய வாய்ப்பாடு கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டுகிறது. 33 சதுர மிமீ வித்தியாசத்தின் எடை சதுர மீட்டருக்குக் கால் கிலோ. அதில் மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை.

இங்கே மூன்று இடங்களில் கால் இடறும். முதலாவது, 0.13 சதவீதம் என்பது 0.0013. கால்குலேட்டரில் 0.013 என்று அடித்தால் பத்து மடங்கு கம்பி வரும், அது பார்த்தவுடன் தெரிந்துவிடும். 0.13-ஐ அப்படியே அடித்துவிட்டுக் கடைசியில் நூறுக்குப் பதில் ஆயிரத்தால் வகுத்தால் பத்தில் ஒரு பங்கு வரும், அது சுலபத்தில் கண்ணில் படாது. இரண்டாவது, இந்தச் சதவீதம் ஒவ்வொரு திசைக்கும் தனித்தனி. நீளவாக்குக் கம்பியையும் அகலவாக்குக் கம்பியையும் கூட்டி "0.13 வந்துவிட்டது" என்று சொல்லக் கூடாது. மூன்றாவது, தமிழ்நாட்டுக் காணொளிகளில் கேட்கும் 0.12 சதவீதம் இந்திய விதியான ஐஎஸ் 456-இல் உள்ளது. அந்த ஊருக்கு அது சரி. அதன் இடைவெளி வரம்பும் வேறு. ஒரு விதியிலிருந்து சதவீதத்தையும் இன்னொன்றிலிருந்து இடைவெளியையும் எடுத்து ஒட்டுப்போட்டால் இரண்டு விதிக்கும் பொருந்தாத ஸ்லாப்தான் கிடைக்கும்.

3. பரப்பை இடைவெளியாக மாற்றுங்கள்

ஒரு கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு தெரிந்தால் இடைவெளி வந்துவிடும். 8 மிமீ கம்பிக்கு 50.3 சதுர மிமீ, 10 மிமீக்கு 78.5, 12 மிமீக்கு 113.

```
s = 1000 × (ஒரு கம்பியின் பரப்பு) / As

 8 மிமீ : 1000 × 50.3 / 195 = 258  →  250
10 மிமீ : 1000 × 78.5 / 195 = 403  →  400
12 மிமீ : 1000 × 113  / 195 = 579  →  575
```

எப்போதும் கீழ்நோக்கியே முழுமையாக்க வேண்டும். 258-ஐ 260 ஆக்கினால் கம்பி குறைந்துவிடும். தளத்தில் கம்பி கட்டுபவர் 25 மிமீ படியில்தான் அளப்பார் என்பதால் 250, 275, 300 என்று போவதே நடைமுறை.

4. இடைவெளிக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு, பெரும்பாலும் அதுதான் முடிவு செய்யும்

மேலே 12 மிமீ கம்பிக்கு 575 வந்ததைப் பார்த்தீர்கள். பரப்புக் கணக்கில் அது சரிதான். ஆனால் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே அரை மீட்டருக்கு மேல் வெறும் கான்கிரீட் கிடந்தால் வெடிப்பு அந்த இடைவெளியில் தன் போக்குக்கு ஓடும். கம்பி வெடிப்பைக் கட்டுப்படுத்துவது தன்னைச் சுற்றிக் கொஞ்ச தூரத்துக்கு மட்டுமே.

அதனால் புதிய விதி இப்படி வரம்பு வைக்கிறது. பாரத்தைச் சுமக்கும் முக்கியக் கம்பிக்குத் தடிமனின் 3 மடங்கு அல்லது 400 மிமீ, இரண்டில் எது குறைவோ அது. அதற்குச் செங்குத்தாகக் கிடக்கும் குறுக்குக் கம்பிக்கு 3.5 மடங்கு அல்லது 450. வளைவு உச்சமாக இருக்கும் இடத்திலும் குவிந்த பாரம் விழும் இடத்திலும் இது இறுகும். அங்கே முக்கியக் கம்பிக்கு 2 மடங்கு அல்லது 250, குறுக்குக் கம்பிக்கு 3 மடங்கு அல்லது 400.

நம் ஸ்லாப்பில் வளைவு உச்சம் நடுவில். 150-இன் 2 மடங்கு 300, ஆனால் 250 அதைவிடக் குறைவு. ஆக முக்கியக் கம்பி 250-க்கு மேல் போகவே முடியாது. இப்போது 10 மிமீ கம்பியைப் பாருங்கள். பரப்புக்கு 400 போதும், வரம்போ 250 என்கிறது. 250-இல் வைத்தால் 314 சதுர மிமீ கிடைக்கிறது, தேவை 195. அறுபது சதவீதம் கூடுதல் கம்பி, இடைவெளி விதிக்காக மட்டும். 8 மிமீ கம்பியில் பரப்பும் வரம்பும் ஒன்றாகவே 250-இல் வந்து நிற்கின்றன, 201 சதுர மிமீ கிடைக்கிறது, வீண் இல்லை.

"பெரிய கம்பி போட்டால் குறைவான கம்பி போதும்" என்பது இப்படிப்பட்ட சிறிய ஸ்லாப்பில் எடுபடாது. மெல்லிய கம்பியை நெருக்கி வைப்பதே எடையிலும் குறைவு, வெடிப்புக்கும் நல்லது. ஆனாலும் இங்கே பல குத்தகையாளர்கள் 10 மிமீயே கேட்பார்கள். கடையில் உடனே கிடைக்கும், மிதித்தால் எளிதில் வளையாது, வீட்டின் மற்ற வேலைகளுக்கும் அதே கம்பிதான். அந்தக் காரணங்களும் நியாயமானவையே. எவ்வளவு கூடுதல் என்று தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

பழைய வரைபடம் ஒன்றில் 10 மிமீ கம்பி 350 இடைவெளியில் இருந்தால் உடனே தவறென்று சண்டைக்குப் போகாதீர்கள். பிஎஸ் 8110 ஆழம் d-யின் 3 மடங்கு வரை விட்டது, 120-க்கு 360 வரும். அந்த விதிப்படி அது செல்லும்.

5. பாரம் கேட்கும் கம்பியோடு ஒப்பிடுங்கள்

குறைந்தபட்சம் போதுமா என்பது பாரத்தைப் பார்த்தால்தான் தெரியும். நம் ஸ்லாப்பில் பீம் நடுவிலிருந்து பீம் நடு வரை குறுக்காக 2.8 மீட்டர், நீளமாக 5.8. நீளம் குறுக்களவைப் போல் இரண்டு மடங்குக்கு மேல், எனவே பாரம் 2.8 மீட்டர் திசையிலேயே ஓடும், முக்கியக் கம்பியும் அந்தத் திசையிலேயே கிடக்கும் என்று கொள்ளலாம். தன் எடை சதுர மீட்டருக்கு 3.75 கிலோநியூட்டன், தரைப்பூச்சுக்கும் தரை ஓட்டுக்கும் 1.2, வீட்டுப் புழக்கத்துக்கு 1.5. பாதுகாப்புப் பெருக்கிகளோடு கூட்டினால் மொத்தப் பாரம் w, அதனால் வரும் வளைவுத் திருப்புமை M.

```
w  = 1.35 × (3.75 + 1.2) + 1.5 × 1.5       = 8.93 kN/m²
M  = 8.93 × 2.8² / 8                        = 8.75 kNm/m
As = 8.75×10⁶ / (0.87 × 500 × 0.95 × 120)   = 176 மிமீ² / மீ
```

பாரம் கேட்பது 176. பழைய குறைந்தபட்சம் 195, இடைவெளி வரம்பால் 10 மிமீ கம்பியில் கிடைப்பது 314. மூன்று மீட்டருக்கு உட்பட்ட வீட்டு ஸ்லாப்பில் பாரம் பெரும்பாலும் கடைசி இடத்தில்தான் நிற்கும். "அந்த வீட்டில் இதைவிடக் குறைவாகப் போட்டும் நிற்கிறதே" என்பவருக்கு இதுவே பதில்: நிற்பது பாரக் கணக்கில், முதல் வெடிப்பு விழும் நாள் வரை.

ஸ்லாப்பின் மேல் செங்கல் சுவர் எழுப்பினாலோ தண்ணீர்த் தொட்டி வைத்தாலோ வரிசை புரண்டுவிடும். பினாங்கில் கடலோர வீடென்றாலும் அப்படியே. ஜெலுத்தோங் கரையோரம் உப்புக் காற்றுக்காகப் பொறியாளர் கவரை 40 மிமீ ஆக்கிக் கான்கிரீட்டையும் சி32/40-க்கு உயர்த்தினால் d 105-ஆகக் குறையும். அதே பாரத்துக்கு இப்போது 202 சதுர மிமீ வேண்டும், 195 போதாது. கவரைக் கூட்டும்போது கம்பியையும் மறுபடி பார்க்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

6. எடையும் விலையும்

சதுர மிமீயிலிருந்து நேராக எடைக்குப் போக ஒரு குறுக்குவழி உண்டு. மீட்டருக்கு எத்தனை சதுர மிமீயோ அதை 0.00785-ஆல் பெருக்கினால் ஒரு திசைக்குச் சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 195 என்றால் 1.53 கிலோ. மதிப்பீட்டுக்கு இது போதும். ஆர்டர் கொடுக்கக் கம்பிகளை எண்ண வேண்டும்.

10 மிமீ கம்பியை எடுத்துக்கொள்வோம். முக்கியக் கம்பி 250-இல், குறுக்குக் கம்பி 300-இல். இரு முனையிலும் கவர் 25 மிமீ கழித்தால் 6.0 மீட்டர் 5.95 ஆகும், 3.0 மீட்டர் 2.95 ஆகும். குறுக்குக் கம்பிக்கு 400 வரை விதி விடும், 196 சதுர மிமீயும் வந்துவிடும். ஆனால் 400 கட்டத்தில் கான்கிரீட் போடுபவரின் பூட்ஸ் நடுவே இறங்கிக் கம்பியை மிதித்துத் தொய்ய வைக்கும். 300 என்றால் பாதம் கம்பியின் மேலேயே நிற்கும்.

```
முக்கியக் கம்பி : 5950 / 250 = 23.8 → 24 + 1 = 25 × 2.95 மீ = 73.75 மீ
குறுக்குக் கம்பி: 2950 / 300 =  9.8 → 10 + 1 = 11 × 5.95 மீ = 65.45 மீ
மொத்தம்        : 139.2 மீ × 0.617 கிலோ/மீ                   = 85.9 கிலோ
```

கட்டங்களை எண்ணிவிட்டுக் கடைசி ஒரு கம்பியைக் கூட்ட மறப்பது எல்லாரும் செய்யும் பிழை. 24 கட்டத்துக்கு 25 கம்பி.

கம்பி 12 மீட்டர் நீளத்தில் வரும். ஒன்றில் 2.95 மீட்டர் துண்டு நான்கு வெட்டினால் மிச்சம் 20 சென்டிமீட்டர்தான். ஆறு கம்பியில் 24 துண்டு. 5.95 துண்டு ஒன்றில் இரண்டு, ஐந்து கம்பியில் பத்து. மீந்த ஒரு 2.95-ஐயும் ஒரு 5.95-ஐயும் பன்னிரண்டாவது கம்பியில் எடுக்கலாம். 12 கம்பி, 88.8 கிலோ. சேதாரம் நான்கு சதவீதம்கூட இல்லை.

இதே ஸ்லாப்பின் அகலம் 3.2 மீட்டர் என்று வைத்துப் பாருங்கள். துண்டு 3.15 மீட்டர், 12 மீட்டரில் மூன்றுதான் வெட்ட முடியும், ஒவ்வொரு கம்பியிலும் 2.55 மீட்டர் மிச்சம். 20 சென்டிமீட்டர் அகலத்துக்காகக் கம்பியில் ஐந்தில் ஒரு பங்கு துண்டாகிக் கிடக்கும். அளவு இன்னும் முடிவாகாத நிலையில் இருந்தால் 3 மீட்டருக்குள் நிறுத்தலாமா என்று பொறியாளரிடம் கேட்டுப்பாருங்கள்.

அடிக்கம்பியோடு கணக்கு முடியாது. பீமோடு சேரும் இடத்தில் ஸ்லாப்பின் மேல் முகம் இழுபடும், அங்கே மேல்கம்பி வேண்டும். பீம் முகத்திலிருந்து இடைத்தூரத்தின் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே வர வேண்டும், நமக்கு 600 மிமீ என்று வையுங்கள். பீமுக்குள் 175, கீழே மடிக்கும் பகுதி 125 சேர்த்தால் 0.9 மீட்டர். இரண்டு நீளப் பக்கத்துக்கும் 25 வீதம் 50 துண்டு, நான்கு கம்பி, 29.6 கிலோ. குறுகிய பக்கத்து மேல்கம்பியும் அவற்றைப் பிடித்து நிற்கும் கம்பியும் வரைபடத்தில் உள்ளபடி தனியாகச் சேரும்.

இதுவரை 16 கம்பி, 118.5 கிலோ. கிலோ 3.50 ரிங்கிட் என்று உதாரணத்துக்கு வைத்தால் 415 ரிங்கிட். உங்கள் கடைக்காரர் சொல்லும் விலையை அங்கே போட்டுக்கொள்ளுங்கள். குத்தகையாளரின் பட்டியலில் ஸ்லாப் கம்பி மட்டும் 250 கிலோ என்று இருந்தால் கம்பி வளைப்புப் பட்டியலைக் கேளுங்கள். பீம் கம்பியும் அதற்குள் கலந்திருக்கலாம். அப்படி இல்லையென்றால் பேச வேண்டியது இருக்கிறது.

7. பிஆர்சி வலை போடலாமா?

போடலாம், நேரமும் மிச்சம். தனிக்கம்பி கட்ட ஒரு நாள் ஆகும் இடத்தில், ஆலையிலேயே பற்றவைத்து வரும் இந்தக் கம்பி வலை ஒரு காலையில் முடிந்துவிடும். ஆனால் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஏ7 வலையில் 7 மிமீ கம்பி 200 இடைவெளியில் இரு திசையிலும், மீட்டருக்கு 193 சதுர மிமீ. நமக்கு 195 வேண்டும். இரண்டே இரண்டு சதுர மிமீ குறைகிறது! புதிய கணக்கின் 162-க்கு ஏ7 செல்லும், பாரம் கேட்கும் 176-க்கும் செல்லும், பழைய கணக்குக்கு மட்டும் மயிரிழையில் தவறும். 125 மிமீ ஸ்லாப்பில் ஏ7 பார்த்துப் பழகியவர் 150-க்கும் அதையே கொண்டுவந்து இறக்குவது இதனால்தான். ஏ8 என்றால் 252, சந்தேகமே இல்லை.

வலையை எந்தப் பக்கம் விரிப்பது என்பது அடுத்த கேள்வி. இங்கே வழக்கமான வலை 6 மீட்டருக்கு 2.2 மீட்டர். நீளத்துக்கு நீளம் பொருந்துகிறதே என்று 6 மீட்டர் பக்கத்தை ஸ்லாப்பின் 6 மீட்டரோடு விரித்தால், 2.2 மீட்டர் அகலம் 2.95-க்கு எட்டாது. முக்கியத் திசையிலேயே ஒட்டு விழும். அதற்குப் பதில் வலையைப் பாதியாக வெட்டி, 3 மீட்டர் பக்கத்தைக் குறுக்கே போடுங்கள். மூன்று துண்டு சேர்ந்தால் 6.6 மீட்டர், இரண்டு ஒட்டுக்கு இரு கட்டம் வீதம் 400 மிமீ கழித்தால் 5.8. இரு முனையும் பீமுக்குள் 100 மிமீ போய் உட்காரும். முக்கியக் கம்பி எங்கும் துண்டாகாது.

தேவை ஒன்றரை வலை, வாங்க வேண்டியது இரண்டு. ஏ8 சதுர மீட்டருக்கு 3.95 கிலோ, இரண்டு வலை 104 கிலோ. தனிக்கம்பியின் 88.8-ஐவிட அதிகம்தான், கூலியில் ஈடாகுமா என்று பாருங்கள். மேல்கம்பி இதிலும் தனி.

8. கம்பி வந்து இறங்கும் நாள்

டெலிவரி ஆர்டரையும் ஆலைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள், கம்பிக் கட்டில் தொங்கும் அட்டையின் எண்ணும் சான்றிதழின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு சரியாக ஒரு மீட்டர் வெட்டித் தராசில் வையுங்கள். 10 மிமீ கம்பி 617 கிராம் இருக்க வேண்டும், நான்கரை சதவீதம் முன்பின் இருக்கலாம். 589-க்குக் கீழே போனால் திருப்பி அனுப்புங்கள். 9 மிமீ கம்பி 500 கிராம்தான் வரும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

கட்டி முடித்தபின் ஒவ்வொரு இடைவெளியாக அளக்க வேண்டாம். ஒரு கம்பியிலிருந்து பத்துக் கட்டம் தள்ளி உள்ள கம்பி வரை டேப்பைப் பிடியுங்கள். 2.5 மீட்டர் வந்தால் சரி. 2.7 வந்தால் எங்கோ ஒரு கம்பி விடுபட்டிருக்கிறது அல்லது எல்லாமே தளர்ந்திருக்கிறது. நடுவில் மூன்று இடத்திலாவது அளந்து பாருங்கள், ஓரத்தில் எல்லாரும் சரியாகத்தான் கட்டுவார்கள்.

மேல்கம்பிக்குக் கீழே தாங்கு கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். கான்கிரீட் குழாயை இழுப்பவர்கள் மிதித்து அது 30 மிமீ இறங்கினால் d 120-இலிருந்து 90-ஆகிவிடும், தாங்கும் திறன் கால் பங்கு போச்சு. கம்பியின் எண்ணிக்கை அப்படியே இருக்கும், படம் எடுத்தாலும் தெரியாது. கான்கிரீட் லாரிக்கு நேரம் சொல்வதற்கு ஒரு நாள் முன்பே பொறியாளரையோ அவர் ஆளையோ வந்து பார்க்கச் சொல்லுங்கள். லாரி வாசலில் நிற்கும்போது எந்தக் குறையையும் யாரும் திருத்த மாட்டார்கள். இந்த ஸ்லாப்புக்கு 2.7 கன மீட்டர்தான் வேண்டும், ஒரு லாரிக்கும் குறைவு. சிறிய அளவுக்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள் என்பதால் பீம் கான்கிரீட்டையும் அதே நாளில் சேர்த்துப் போடுவது வழக்கம்.

9. இந்தக் குறைந்தபட்சம் செல்லாத இடம்

மேலே உள்ள எல்லாம் வளையும் ஸ்லாப்புக்கு. இரண்டு முனையும் கனத்த சுவரிலோ பழைய கட்டடத்திலோ இறுகப் பிடிக்கப்பட்ட ஸ்லாப் வேறு கதை. கான்கிரீட் காய்ந்து சுருங்கும்போது அதை நகர விடாமல் சுவர் பிடித்துக்கொள்ளும், வளைவே இல்லாமல் ஸ்லாப் முழுத் தடிமனுக்கும் இழுபடும். அப்போது கம்பி ஏற்க வேண்டியது முழுக் குறுக்குவெட்டின் இழுவிசை:

```
As = 1.0 × 1.0 × 2.6 × (1000 × 150) / 500 = 780 மிமீ² / மீ
```

195-இன் நான்கு மடங்கு. மேலும் கீழுமாகப் பிரித்தால் ஒவ்வொரு முகத்துக்கும் 390, அதாவது 10 மிமீ கம்பி 200 இடைவெளியில் இரண்டு அடுக்கு. மழைநீர் தேங்கும் மொட்டைமாடி ஸ்லாப்பில் குறைந்தபட்சக் கம்பியை மட்டும் வைத்துவிட்டு, ஒழுகுகிறது என்று வருடா வருடம் மேல்பூச்சு மாற்றுபவர்களின் கூரையில் வெடிப்பு நீளத்துக்குக் குறுக்கே, மேலிருந்து கீழ் வரை நேராக ஓடியிருந்தால் காரணம் இங்கேதான் இருக்கும். உங்கள் ஸ்லாப் பழைய வீட்டின் சுவரோடு கம்பி துளைத்து இணைக்கப்படுகிறது என்றால், கையெழுத்துக்கு முன்பே பொறியாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நீளவாக்குக் கம்பி 0.13 சதவீதத்தில் போடப்பட்டதா, சுருக்கத்துக்குப் போடப்பட்டதா?